நெக்பேண்டில் பட்டன் வேலை செய்யவில்லை, வால்யூம் தானாக மாறுகிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

பழுதுக்கு வரும் நெக்பேண்டுகளில் பேட்டரிக்கு அடுத்து அதிகம் வருவது பட்டன் கோளாறுதான். "பிளஸ் அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்வார். "சத்தம் தானாக ஏறிக்கொண்டே போகிறது" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் வேறு வேறு பழுது போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: பட்டனுக்குக் கீழே இறங்கிய வியர்வை.

இது புரிய ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பல நெக்பேண்டுகளில் மூன்று பட்டனும் சிப்பின் ஒரே காலுக்குத்தான் போகின்றன. ஒவ்வொரு பட்டனோடும் வேறு வேறு மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கும். எந்த பட்டன் அமுக்கப்பட்டது என்பதை அந்தக் காலில் வரும் வோல்டேஜை வைத்துத்தான் சிப் கண்டுபிடிக்கிறது. உப்பு கலந்த ஈரம் ஒரு சுவிட்சின் இரு கால்களுக்கு நடுவே படிந்தால் அதன் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். அது சிப்புக்கு ஏதோ ஒரு பட்டனை அமுக்கியது போலத் தெரியும். அந்தக் கசிவு இருக்கும்வரை மற்ற பட்டனை அமுக்கினாலும் கணக்கு தப்பிப்போகும். ஆகவே செத்தது போலத் தெரியும் பட்டன் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அதற்குப் பக்கத்து பட்டனில் இருக்கும்.

## பிரிக்கும் முன் செய்ய வேண்டியவை

கையில் ஒரு கருவியும் வேண்டாம். இன்னொரு போன் மட்டும் போதும்.

முதலில் வழக்கமாக இணைக்கும் பழைய போனில் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள். ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருந்தால் அதையும் கழற்றி வையுங்கள். வாட்சில் பாட்டுக் கட்டுப்பாடு திறந்திருந்தால் சட்டைக் கை உரசியே வால்யூம் மாறும். இப்போது நெக்பேண்டை இரண்டாவது போனில் இணைத்து, பாட்டு ஓடவிட்டு, கழுத்தில் போடாமல் மேசைமேல் வையுங்கள். பத்து நிமிடம் போன் திரையையே பாருங்கள்.

மேசையில் யாரும் தொடாமலே வால்யூம் பட்டை நகர்ந்தால் கோளாறு நெக்பேண்டுக்குள் இருக்கிறது. மேசையில் ஒழுங்காக இருந்து கழுத்தில் போட்டால் மட்டும் நகர்ந்தால் அழுத்தம், வியர்வை, வளைவு ஆகிய மூன்றில் ஒன்று. சத்தம் கூடிக் குறைகிறது, ஆனால் திரையில் பட்டை அசையவே இல்லை என்றால் அது பெரும்பாலும் பட்டன் பிரச்சினையே இல்லை. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாவது போனில் எல்லாம் சரியாக இருந்தால் பழைய போனில்தான் கோளாறு. ப்ளூடூத் இல்லாமல் போனின் ஸ்பீக்கரிலேயே பாட்டு போட்டுப் பாருங்கள். அப்போதும் பட்டை நகர்ந்தால் போனின் வால்யூம் பட்டன் கவருக்குள் சிக்கியிருக்கிறது. கவரைக் கழற்றினாலே தீர்ந்துவிடும்.

## அறிகுறி: வால்யூம் தானாக ஏறுகிறது அல்லது இறங்குகிறது, திரையில் பட்டையும் நகர்கிறது

### வெளியிலிருந்து அழுத்தம்

ஹெல்மெட் வார், சட்டைக் காலர், முதுகுப்பையின் பட்டை. இந்த மூன்றும் பட்டனை அமுக்குவது நாம் நினைப்பதைவிட அதிகம். வண்டியில் போகும்போது மட்டும் ஏறுகிறது என்றால் பட்டன் இருக்கும் பக்கத்தை வாரிலிருந்து விலக்கி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

### பட்டன் மூடியில் அழுக்கு

பட்டனை அமுக்கிவிட்டால் அது உடனே மேலே எழ வேண்டும். மூன்றையும் விரல் நகத்தால் அமுக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மெதுவாக எழுந்தால் அதன் ஓரத்தில் அழுக்கும் எண்ணெயும் இறுகியிருக்கிறது. நெக்பேண்டை அணைத்துவிட்டு, மென்மையான பல்தேய்ப்பு பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு தொட்டு ஓரத்தைச் சுற்றித் தேயுங்கள். மொபைல் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் உருகிவிடும், சிலிக்கான் உப்பிவிடும்.

### உள்ளே ஈரம்

காலையில் நன்றாக இருக்கும், மதிய வெயிலில் ஆடும், இரவு ஃபேனுக்குக் கீழே கிடந்தால் மறுநாள் காலை மீண்டும் நன்றாக இருக்கும். இந்த ஒழுங்கு தெரிந்தால் ஈரம்தான், சந்தேகமே வேண்டாம். கழுத்துப் பட்டையின் மேல் வழியும் வியர்வை தானாகவே கீழே இறங்கி, சிலிக்கான் பட்டையும் பிளாஸ்டிக் கூடும் சேரும் இடத்தில் தேங்கும். அங்கிருந்து உள்ளே போக மயிரிழை இடைவெளி போதும்.

பெட்டியில் தண்ணீர் தாங்கும் தரம் IPX5 என்று போட்டிருக்கிறதே என்பார்கள். அந்தச் சோதனை புது சாதனத்தில் நல்ல தண்ணீரை வைத்துச் செய்வது. ஒரு வருடம் வளைந்து நெளிந்த இணைப்பில் உப்பு வியர்வை என்ன செய்யும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

கசிவு எவ்வளவு என்பதைப் பொறுத்து அறிகுறியும் மாறும். விட்டுவிட்டுக் கசிந்தால் சிப்புக்கு அது குறுகிய அமுக்கல், ஆகவே வால்யூம் மாறும். தொடர்ந்து கசிந்தால் நீண்ட அமுக்கல், ஆகவே பல மாடல்களில் பாட்டு தாவும். நடு பட்டனில் கசிந்தால் இன்னும் வேடிக்கை. குரல் உதவி திறக்கும், நெக்பேண்ட் தானாக அணையும், சில மாடல்களில் கடைசியாகப் பேசியவருக்கே கால் போகும்.

முதலில் காயவைத்துப் பாருங்கள். அணைத்துவிட்டு, சார்ஜில் போடாமல், ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் மூடி வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயன் இல்லை, சார்ஜ் துளையில் மாவுதான் சேரும். ஹேர் டிரையரால் சூடாக ஊதவும் வேண்டாம், கூட்டுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கலாம். ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடுவதுதான் இருப்பதிலேயே மோசம். கரண்ட் ஓடும் இடத்தில் ஈரம் இருந்தால் செம்பு வேகமாக அரிக்கும்.

நல்ல தண்ணீரோ மழையோ பட்டது என்றால் இதோடு பெரும்பாலும் சரியாகிவிடும். வியர்வை என்றால் தண்ணீர் போய் உப்பு தங்கும். அடுத்த முறை காற்றில் ஈரம் ஏறியதும் அந்த உப்பு மீண்டும் நனையும். கடலோர ஊர்களில் இது ஓயாது. அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

### பிரித்துச் சுத்தம் செய்தல்

வாரண்டி இருந்தால் இந்தப் பகுதியைப் படிக்காமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பிரித்த தடயம் இருந்தால் வாங்க மாட்டார்கள்.

பட்டன் இருக்கும் கூட்டின் இணைப்புக் கோட்டைத் தேடி, கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் துண்டு போல மெல்லிய ஒன்றைச் செருகிச் சுற்றி வாருங்கள். கத்தி, பிளேடு வேண்டாம். சில மாடல்களில் பட்டனும் போர்டும் ஒரு பக்கமும் பேட்டரி மறுபக்கமும் இருக்கும். சிலவற்றில் போர்டுக்கு அடியிலேயே பேட்டரி இருக்கும். பையைப் போன்ற அந்தப் பேட்டரியில் கூரான எதுவும் பட்டால் தீப்பிடிக்கும். திறந்ததும் அது தட்டையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உப்பியிருந்தால் போர்டை மேலே தள்ளி, அதுவே பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும். அங்கேயே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

சுவிட்ச் கால்களைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால் உப்பு. பச்சை இருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. பேட்டரியின் சிவப்பு வயரைச் சால்டரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் நுனியை டேப்பால் மூடுங்கள். பிறகு ஐபிஏ தொட்ட பிரஷ்ஷால் சுவிட்ச் கால்களையும் அருகிலுள்ள ரெசிஸ்டர்களையும் தேய்த்து, அழுக்கு நீரை டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். தேய்த்துவிட்டு அப்படியே விட்டால் உப்பு இடம் மாறுமே தவிர வெளியேறாது. இரண்டு மூன்று முறை செய்யுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு சுவிட்சின் இரு கால்களுக்கும் நடுவே, அமுக்காத நிலையில், ஓம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். போர்டிலேயே வைத்து அளப்பதால் வரும் எண் முழு உண்மை அல்ல. ஆனால் மூன்றையும் ஒப்பிடலாம். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைவாகவும் நிலையில்லாமலும் இருந்தால் கசிவு அங்கேதான்.

சென்னையில் உணவு டெலிவரி செய்யும் ஒரு தம்பி கொண்டுவந்த நெக்பேண்டைச் சொல்கிறேன். மதியம் சத்தம் தானாக உச்சத்துக்குப் போகிறது, மைனஸ் பட்டன் வேலை செய்யவில்லை. வேறொரு கடையில் மைனஸ் சுவிட்சை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அமுக்கிப் பார்த்தால் மூன்றிலும் "டிக்" ஒழுங்காக வந்தது. திறந்து அளந்தபோது நடு பட்டனும் மைனஸும் 200 கிலோ ஓமுக்கு மேல் காட்டின. பிளஸ் மட்டும் 14 கிலோ ஓமில் ஆடிக்கொண்டிருந்தது. மைனஸில் குறையே இல்லை. பிளஸ் கசிந்ததால்தான் அது செத்தது போலத் தெரிந்தது. சுத்தம் செய்ததும் பிளஸ்ஸும் மற்றவை அளவுக்கு ஏறியது. அதை நம்பி மூடக் கூடாது. சுவிட்ச் மேல் வாயால் மெதுவாக "ஹா" என்று ஊதிக்கொண்டே மீட்டரைப் பார்த்தேன். எண் சட்டென்று 30 கிலோ ஓமுக்கு இறங்கி, சில நொடியில் மெல்ல ஏறியது. உப்பு சுவிட்சின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். பிரஷ் அங்கே போகாது. பிளஸ் சுவிட்சை மட்டும் மாற்றினேன். மறுபடி ஊதியபோது எண் அசையவில்லை. மைனஸ் தானாக உயிர் பெற்றது.

மூச்சு சோதனைக்குச் செலவில்லை. அதைச் செய்யாமல் மூடிய நெக்பேண்ட் முதல் வெயிலிலேயே திரும்பி வரும்.

மூடும்போது இணைப்பைச் சுற்றி B-7000 பசையை மெல்லிய கோடாக விடுங்கள். மைக் துளைக்குள் போய்விடக் கூடாது. இனி அதைத் தண்ணீர் புகாதது என்று நம்பவும் வேண்டாம்.

## அறிகுறி: சத்தம் கூடிக் குறைகிறது, திரையில் பட்டை அசையவில்லை

ஒரு காதில் மட்டும் குறைகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் முதலில் காதுமுனையின் ரப்பரைக் கழற்றி வலையைப் பாருங்கள். காதழுக்கும் வியர்வையும் சேர்ந்து வலை அடைத்திருந்தால் அந்தப் பக்கம் மெலிந்து ஒலிக்கும். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் படலம் கிழியும்.

வலை சுத்தமாக இருந்தால் காதுக்குப் போகும் மெல்லிய வயரை, கூட்டிலிருந்து வெளிவரும் இடத்திலும் காதுமுனை அருகிலும் விரலால் உருட்டிப் பாருங்கள். உருட்டும்போது சத்தம் வந்து போனால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது.

இரு காதிலும் ஒன்றாகச் சத்தம் குதித்தால், அதுவும் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் என்றால், போனும் நெக்பேண்டும் வால்யூமைப் பகிர்ந்துகொள்வதில் சிக்கல். போன் செட்டிங்கில் Build number மேல் ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Disable absolute volume என்பதை ஆன் செய்து, நெக்பேண்டைத் துண்டித்து மீண்டும் இணையுங்கள். இதற்குப் பிறகு போனின் வால்யூம் வேறு, நெக்பேண்டின் வால்யூம் வேறு. இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி: ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை

இங்கே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அமுக்கும்போது "டிக்" வருகிறதா?

டிக் வரவில்லை, மெத்தென்று போகிறது என்றால் உள்ளே இருக்கும் உலோகக் குமிழ் களைத்துவிட்டது, அல்லது சிலிக்கான் மூடியின் அடியில் இருக்கும் சிறு முளை தேய்ந்து சுவிட்சை எட்டவில்லை. மூடியைக் கழற்றி சுவிட்சை நேரடியாகப் பிளாஸ்டிக் குச்சியால் அமுக்குங்கள். அப்போது வேலை செய்தால் மூடியின் அடியில் சிறு டேப் துண்டு ஒட்டினாலே போதும். இல்லையென்றால் சுவிட்ச் மாற்ற வேண்டும். பாகத்தின் விலை சில ரூபாய்தான், கூலிதான் செலவு.

டிக் வருகிறது, ஆனால் பதில் இல்லை என்றால் முதலில் மேலே சொன்னபடி பக்கத்து பட்டனின் கசிவைப் பாருங்கள். அது இல்லை என்றால், பட்டனை அமுக்கிப் பிடித்தபடி அளந்தால் சில ஓமுக்குள் வர வேண்டும். நூற்றுக்கணக்கில் வந்தால் உள் தொடுமுனை அரித்திருக்கிறது. சரியாக வந்தால் சுவிட்சுக்கும் போர்டுக்கும் நடுவே சால்டர் விரிசலோ, வளையும் மெல்லிய இணைப்புப் படலமான ஃப்ளெக்ஸ் ஸ்ட்ரிப்பில் முறிவோ இருக்கிறது.

## அறிகுறி: மூன்று பட்டனும் வேலை செய்யவில்லை

சார்ஜில் இருக்கும்போது பட்டன் வேலை செய்யாதபடிதான் பல மாடல்களில் வைத்திருக்கிறார்கள். வயரை எடுத்துவிட்டுப் பாருங்கள். அடுத்து ரீசெட். பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துப் பத்து நொடி பிடிப்பது பல மாடல்களில் உள்ள முறை. உங்கள் மாடலுக்கு எது என்று கூட வந்த தாளில் இருக்கும்.

பாட்டு ஓடுகிறது, இணைகிறது, மூன்று பட்டன் மட்டும் இறந்துகிடக்கின்றன என்றால் மூன்றும் சேர்ந்து பழுதாவது அரிது. மூன்றுக்கும் பொதுவான ஒன்று போயிருக்கிறது. பட்டன்கள் தனி ஃப்ளெக்ஸ் ஸ்ட்ரிப்பில் இருக்கும் மாடல் என்றால் அதன் நுனி சாக்கெட்டிலிருந்து நழுவியிருக்கலாம். சாக்கெட்டின் சிறு பூட்டை நகத்தால் தூக்கி, ஸ்ட்ரிப்பை எடுத்து, தொடுமுனைகளை ஐபிஏவில் துடைத்து, நேராகச் செருகிப் பூட்டுங்கள். கீழே விழுந்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

## அறிகுறி: வளைத்தால் வேலை செய்கிறது, நேராக்கினால் நின்றுவிடுகிறது

இது ஈரம் அல்ல, முறிவு. கழுத்துப் பட்டைக்குள் வடிவத்தைப் பிடித்துவைக்கும் ஒரு உலோகக் கம்பியும், அதையொட்டி மெல்லிய வயர்களோ ஒரு ஃப்ளெக்ஸ் ஸ்ட்ரிப்போ போகின்றன. சுருட்டிப் பாக்கெட்டில் போடும்போது முழு மடிப்பும் பட்டை கூட்டோடு சேரும் இடத்தில் விழுகிறது. அந்த முதல் ஓரிரு சென்டிமீட்டரில்தான் முறியும்.

பாட்டு ஓடவிட்டு, கூட்டை ஒரு கையில் அசையாமல் பிடித்து, மறுகையால் அந்த இணைப்பை மெதுவாக நாலாபக்கமும் வளையுங்கள். வளைக்கும்போது மறுகாது மட்டும் நின்றால் ஆடியோ வயர். நெக்பேண்டே அணைந்தால் பேட்டரி வயர். பட்டன் மட்டும் வந்து போனால் பட்டன் வழி. கடைசி வகை, பட்டன் ஒரு பக்கமும் போர்டு மறுபக்கமும் உள்ள மாடலில்தான் கழுத்துக்குள் இருக்கும். இரண்டும் ஒரே கூட்டில் இருந்தால் முறிவும் அந்தக் கூட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

திறந்து, பேட்டரியைத் துண்டித்து, ஸ்ட்ரிப்பின் இரு நுனிகளுக்கும் நடுவே ஓம் அளந்தபடி வளையுங்கள். நல்ல தடம் ஓரிரு ஓமில் அசையாமல் நிற்கும். முறிந்தது குதிக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் படலத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் இடமும் தெரிந்துவிடும்.

முறிந்த தடத்தின் மேல் நேரடியாகச் சால்டர் வைத்து ஒட்டுவது நிலைக்காது. அடுத்த வளைவில் பக்கத்திலேயே முறியும். முறிவைத் தாண்டி நுனியிலிருந்து நுனிக்கு ஜம்பர் வயர் போட வேண்டும். அந்த வயருக்கு எனாமல் பூச்சு உண்டு. நுனியில் பூச்சை நீக்கி ஈயம் ஏற்றாவிட்டால் ஒட்டியது போலத் தெரியும், கரண்ட் போகாது. ஸ்ட்ரிப்பின் தொடுமுனையில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் சூடு வைத்தால் செம்பு படலத்திலிருந்து உரிந்துவிடும். முதல்முறை சால்டரிங் பிடிப்பவர் பழகுவதற்கு இது ஏற்ற இடம் அல்ல. பழைய போர்டில் பழகிவிட்டு வாருங்கள்.

கூட்டுக்குள் முறிவு என்றால் இது செய்யத்தக்க வேலை. கழுத்துப் பட்டையின் நடுவே முறிவு என்றால் சிலிக்கானைக் கீறித்தான் புது வயர் இழுக்க வேண்டும். கீறிய பட்டை மறுபடி சரியாக மூடாது, வியர்வைக்கு நாமே கதவு திறந்துவிட்டது போல ஆகும். நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

## எப்போது கடைக்கு

பேட்டரி உப்பியிருந்தாலோ, சார்ஜில் கூடு சுட்டாலோ, இனிப்பாக ஒரு ரசாயன வாடை வந்தாலோ உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். பச்சை அரிப்பு சிப்பின் அடிவரை போயிருந்தால் சுவிட்ச் மாற்றுவதால் பயன் இல்லை. போர்டுதான் மாற்ற வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் அதே மாடலின் உடைந்த நெக்பேண்ட் கிடைத்தால் அதன் போர்டைப் போடலாம். புதிதாக வாங்கும் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது "பட்டன் ரிப்பேர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மேசைமேல் வைத்தபோது பட்டை நகர்ந்ததா, டிக் வருகிறதா, வளைத்தால் மாறுகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். சுவிட்ச் மாற்றுவதற்கு முன் மூன்று பட்டனிலும் கசிவு அளக்கச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே இணைத்து, ஒவ்வொரு பட்டனையும் குறுகலாகவும் நீளமாகவும் அமுக்கி, இணைப்பில் வளைத்து, ஐந்து நிமிடம் சார்ஜில் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.